ஏழரையைத் தேடினால் எழுபத்தொன்று

ஏழரைச் சனியைப் பற்றிய சிறு நூல் ஒன்று நூலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் பெரிய எழுத்தில் ‘7½ நாட்டுச் சனி’ என்று இருக்கிறது. பட்டியலிடுபவர் கண்ட தலைப்பைக் கண்டபடியே 245-ஆம் புலத்தில் இடுகிறார். விதியும் அதைத்தான் சொல்கிறது. திரையிலும் ½ அழகாகத் தெரிகிறது. மறுநாள் வாசகர் ஒருவர் வந்து ‘ஏழரை நாட்டுச் சனி’ என்று தட்டுகிறார். விடை இல்லை. ‘7 1/2 நாட்டுச் சனி’ என்று தட்டிப் பார்க்கிறார். அதற்கும் இல்லை. தட்டச்சிட்ட எல்லாச் சொற்களும் பொருந்தினால்தான் பதிவைக் காட்டுவது என்பது பெரும்பாலான நூலகங்களில் உள்ள அமைவு. ஒரு சொல் பிசகினாலும் பதிவு வராது. நூல் இல்லை என்று நினைத்து அவர் போய்விடுகிறார். நூலோ அலமாரியில்தான் இருக்கிறது. சனி பிடித்திருப்பது நம் அட்டவணைக்கு.

உள்ளே என்ன நடந்தது? ½ என்பது கணினிக்கு மூன்று எழுத்தல்ல, U+00BD என்ற ஒரே எழுத்து. தேடலுக்காகத் தலைப்பைச் சீராக்கும்போது பல மென்பொருள்கள் NFKC என்ற ஒருங்குறி முறையைப் பயன்படுத்துகின்றன. ஒரே பொருளுள்ள பல வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அது ½ என்பதை 1, பின்னக்கோடு (U+2044), 2 என்று பிரிக்கிறது. ஆனால் முன்னால் இடைவெளி விடுவதில்லை. பைத்தானில் ஒரு வரி போட்டால் கண்ணெதிரே தெரியும்:

```
>>> import unicodedata as u
>>> u.normalize("NFKC", "7½")
'71⁄2'
```

ஏழரை, ‘எழுபத்தொன்றின் கீழ் இரண்டு’ ஆகிவிட்டது. பின்னக்கோட்டில் சொல்லை உடைக்கும் மென்பொருளாக இருந்தால் அட்டவணையில் 71 என்றும் 2 என்றும் இரண்டு சொற்கள் நிற்கும். உடைக்காவிட்டால் யாரும் தட்டச்சிடவே முடியாத ஒற்றைச் சொல்லாக நிற்கும். இரண்டிலும் 7 என்ற எண் காணாமல் போகிறது. ஜூலியன் பார்ன்ஸ் 1989-இல் எழுதிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட் இன் 10½ சாப்டர்ஸ்’ நாவலுக்கும், ஃபெல்லினியின் 1963-ஆம் ஆண்டுப் படமான ‘8½’-க்கும் இதே கதிதான். முன்னது 101 ஆகும், பின்னது 81 ஆகும்.

அறிவியல் தலைப்புகளில் கதை கொஞ்சம் வேறு. H₂O என்பதிலுள்ள கீழ்க்குறி ₂ தனி எழுத்து, U+2082. ஒருங்குறியின் சொல் பிரிக்கும் விதிகளில் இது எண்ணாகவும் கணக்கில் வராது, எழுத்தாகவும் வராது. எனவே சொல்லைப் பிரிக்கும் கட்டம் முதலில் வந்தால் H தனியாகவும் O தனியாகவும் போய்விடும். NFKC முதலில் வந்தால் H2O என்று ஒரே சொல்லாகும். வாசகர் தட்டுவதும் அதைத்தான். ஆக, கீழ்க்குறிக்கு மருந்தாக இருக்கும் அதே முறை பின்னத்துக்கு நஞ்சாக இருக்கிறது. மேற்குறியில் இரண்டும் கலந்து வரும்: mc² என்பது mc2 ஆனால் நல்லது, 10⁵ என்பது 105 ஆனால் அது வேறு எண்.

இதற்கு இயந்திரத்தின் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. NFKC-க்கும் சொல் பிரிப்புக்கும் முன்பாகவே பின்ன எழுத்துகளை இடைவெளியோடு விரித்துவிட வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சில் எழுத்து வடிகட்டியாக இப்படி:

```
"type": "mapping",
"mappings": [
  "½ => \\u00201/2",
  "¼ => \\u00201/4",
  "¾ => \\u00201/4"
]
```

மேலே கடைசி வரியை மறுபடி பாருங்கள். ¾-க்கு 3/4 என்று வரவேண்டும். வெட்டி ஒட்டியதில் 1/4 என்றே நின்றுவிட்டது. இந்த இதழுக்காக எழுதும்போது நானே செய்த பிழை அது, திருத்தாமல் விட்டிருக்கிறேன். இப்படி ஒரு வரி பிசகினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. முக்கால் தேடியவருக்குக் கால் கிடைக்கும், அவ்வளவுதான். மாற்றம் செய்தபின் முழு அட்டவணையையும் மறுபடி கட்டவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. வடிகட்டி பழைய பதிவுகளைத் தானாகத் தொடாது.

இன்னொரு முள் தேடல் பெட்டியில் இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச்சின் வினாமொழியில் சாய்கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. வடிவத் தேடலின் தொடக்கம் என்று அதை எடுத்துக்கொள்ளும். வாசகர் அப்பாவியாக ‘7 1/2’ என்று தட்டினால் வினாவே முறிந்துபோகலாம். கோஹாவில் இதற்கென்று `QueryRegexEscapeOptions` என்ற அமைவு இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் இயந்திரத்தை எவ்வளவு சரிசெய்தாலும் 7½ என்பதிலிருந்து ‘ஏழரை’ பிறக்காது. ஆங்கிலத்திலாவது பின்னம் தனிச் சொல்லாக நிற்கும். நமக்கோ ஏழும் அரையும் புணர்ந்து ஒரே சொல்லாகிவிடும். பத்தரை, ஒன்றேகால், மூன்றேமுக்கால் எல்லாம் அப்படித்தான். அதைப் பட்டியலிடுபவர் கையால்தான் எழுதவேண்டும். அதற்குத்தான் 246-ஆம் புலம் இருக்கிறது:

```
245 00 $a 7½ நாட்டுச் சனி
246 3_ $a 7 1/2 நாட்டுச் சனி
246 3_ $a ஏழரை நாட்டுச் சனி
```

245 கண்ணுக்கு, 246 விரலுக்கு. ஒரே வரியில் இரண்டையும் செய்யப் பார்ப்பதால்தான் ‘7½ (7 1/2, ஏழரை) நாட்டுச் சனி’ போன்ற தலைப்புகள் நம் பட்டியல்களில் முளைக்கின்றன. அட்டையில் இல்லாததைத் தலைப்புக்குள் திணிப்பது மேற்கோளையும் கெடுக்கும், அகரவரிசையையும் கெடுக்கும். 246-இலும் அளவு வேண்டும். தலைப்பில் CO₂ என்று இருந்தால் CO2 என்ற வடிவமும், வாய்விட்டுப் படிக்கும் ‘கார்பன் டை ஆக்சைடு’ என்ற வடிவமும் போதும். ‘கரியமில வாயு’ என்பது அந்தத் தலைப்பைப் படிக்கும் விதமல்ல, அந்தப் பொருளுக்கு உள்ள வேறு பெயர். அதன் இடம் பொருள் தலைப்பு.

அலகுகளுக்கு வருவோம். மைக்ரோமீட்டரில் வரும் மியூவுக்கு இரண்டு எழுத்துகள் உள்ளன: µ என்ற மைக்ரோ குறி (U+00B5), μ என்ற கிரேக்க எழுத்து (U+03BC). பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸில் Alt+0181 அடித்தால் முன்னது வரும். கிரேக்க விசைப்பலகையில் பின்னது வரும். ஓம், ஆங்ஸ்ட்ரம் குறிகளுக்கும் இப்படி இரட்டை உண்டு. ஆனால் அவற்றை NFC என்ற எளிய சீராக்கமே ஒன்றாக்கிவிடும். மியூவை NFC தொடாது. NFKC மட்டுமே தொடும். ‘ஓம் சரியாக வருகிறது, மைக்ரோ மட்டும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால், அவருடைய அமைப்பில் NFC மட்டும் ஓடுகிறது என்று ஊகிக்கலாம்.

பாகைக் குறி இதைவிட ஏமாற்றும். சரியானது ° (U+00B0). அதன் இடத்தில் º (U+00BA) என்ற வரிசைக்குறி பல தலைப்புகளில் ஒளிந்திருக்கும்; பிடிஎஃப்-இலிருந்து ஒட்டிய தலைப்புகளில் குறிப்பாக. NFKC அதை ஆங்கில ‘o’ ஆக்கிவிடுவதால் 37ºC என்பது அட்டவணையில் 37oc ஆகும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகமான தலைப்பை எழுத்தெழுத்தாகப் பெயர் கேட்டுவிடுவதே வழி:

```
for c in "37ºC": print(hex(ord(c)), u.name(c))
```

DEGREE SIGN என்று வந்தால் சரி; MASCULINE ORDINAL INDICATOR என்று வந்தால் திருத்துங்கள்.

காட்சியில் வரும் கோளாறு ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு கல்லூரியின் ஆய்வேட்டுப் பட்டியலில் ‘5 µm’ தடிமன் படலத்தைப் பற்றிய ஏடு ஒன்று ‘5 MM’ என்று தெரிந்தது. ஆய்வு மாணவர் அதை மில்லிமீட்டர் என்று படித்துவிட்டு, பெயர்த்தெழுதியவரைக் குறை சொன்னார். பதிவைத் திறந்தால் µm சரியாகவே இருந்தது. குற்றவாளி பக்க வடிவமைப்பில் இருந்த ஒரு வரி: `text-transform: uppercase`. மைக்ரோ குறியின் பெரிய எழுத்து வடிவம் கிரேக்கப் பெரிய மியூ. அது பார்வைக்கு ஆங்கில M-தான். அதே வரி pH-ஐ PH ஆக்கும், mW-ஐ MW ஆக்கும். மில்லிவாட் மெகாவாட் ஆகிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் தமிழ்த் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்த வடிவமைப்பாளருக்கு இது கண்ணில் பட வழியே இல்லை. தலைப்பு வரும் இடங்களில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சுவடிப் பட்டியல் செய்வோருக்கு ஒரு சொல். மாகாணி, அரைக்கால், முந்திரி முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றன. U+11FC0 முதல் அவை தொடங்குகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுக்கான எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ½-ஐப் போல NFKC இவற்றை விரிக்கவும் செய்யாது. குறியை 245-இல் இட்டால், 246-இல் ‘மாகாணி’ என்று சொல்லாலும் எழுதிவிடுங்கள்.

இந்த வாரம் உங்கள் பட்டியலில் ½, ₂, µ, º நான்கையும் தனித்தனியே தேடி, அகப்படும் தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடல் பெட்டி அவற்றைக் காட்டாவிட்டால் வியக்கவேண்டாம், தரவுத்தளத்தில் நேராகத் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு தலைப்பையும் வாசகர் தட்டக்கூடிய வடிவத்தில் தட்டிப் பாருங்கள். எத்தனை அகப்பட்டன, எத்தனை நழுவின என்று எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மேலே ¾ வரியைத் திருத்திய பின்பே நகலெடுக்கவும்.