படம் ஓடிப் போகாது

"நெட்ஃபிளிக்ஸ நிப்பாட்டாதீங்கடா, எப்ப என்ன படம் வருமெண்டு தெரியாது" எண்டு சொல்ற கட்சி ஒண்டு வினாயகபுரத்தில் எங்கட செட்டுக்குள்ளயே இருக்கு. அவர்கள் 2024 கடைசியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும்.

மெய்யழகன் ஒக்டோபர் 25 நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. வேட்டையன் நவம்பர் 8 பிரைமுக்கு. அமரன் டிசம்பர் 5 திரும்பவும் நெட்ஃபிளிக்ஸுக்கு. நெட்ஃபிளிக்ஸையே பிடித்துக்கொண்டிருந்தவர் மூன்று மாதம் காசு கட்டியும் வேட்டையனைப் பார்க்கவில்லை. நவம்பரில் பிரைம், டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் என்று மாற்றி எடுத்தவருக்கு இரண்டு மாதக் காசில் மூன்று படமும் கிடைத்தது. மெய்யழகனுக்கு ஆறு கிழமை பொறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முதல் நாளே பார்க்காட்டி உயிரா போகும்?

நெட்ஃபிளிக்ஸ் எங்களிடம் டொலரில் எடுக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, கம்பனி விலையை ஏற்றாமலே எங்கட பில் ஏறினது. பார்க்காத மாதத்துக்கும் அந்தக் காசு ஏன்?

ஆனால் ஒன்று. காசு கட்டின அன்றைக்கே கேன்சல் பண்ண வேண்டும். கட்டின மாதம் முடியும்வரை படம் ஓடும். "பிறகு செய்வம்" என்று விட்டால் கார்டிலிருந்து அடுத்த மாதமும் தானாக வெட்டும், மாற்றி எடுக்கிறோம் என்று இரண்டுக்கும் கட்டிக்கொண்டிருப்போம். எங்களில் ரெண்டு பேர் அப்படித்தான் மாட்டினார்கள்.

வீட்டில் உம்மாவோ அம்மாவோ ஒவ்வொரு இரவும் தொடர் பார்க்கிறார்களென்றால், அந்த ஒன்றை வைத்திருங்கள். சண்டை அவர்களோடு இல்லை. மாதம் ஒரு படம் பார்த்துவிட்டு வருஷம் முழுக்கக் கட்டுற எங்கட ஆக்களோடுதான்.