விளிம்புல அடி, நடுவுல அடி: பாயிண்ட் டூ டூ-வுக்கு ஒரு வக்காலத்து

மக்களே, போன வாரம் பழைய என்சிசி சகாக்கள் நாலு பேர் சேர்ந்தப்ப ஒரு வாய்த்தகராறு. "இன்னும் எதுக்குய்யா பசங்களுக்கு அந்த .22 துப்பாக்கி? அது தீபாவளி பொட்டு வெடி மாதிரி. நேரா இன்சாஸைக் குடுத்துப் பழக்க வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். மதுரைக்காரன் முன்னாடி இப்படிப் பேசிட்டு சும்மா போயிட முடியுமா? அங்க சொல்ல நேரமில்லாததை எல்லாம் இங்க கொட்டிடுறேன்.

பொட்டு வெடின்னு அவர் சொன்னது கிண்டலுக்கு. ஆனா உண்மையில அது நல்ல உதாரணம். சிவகாசி பொட்டு வெடியைத் தரையில வெச்சு கல்லால ஒரு தட்டு தட்டினா வெடிக்குது. கீழ தரை, மேல கல்லு, நடுவுல மருந்து. ரெண்டு பக்கமும் நசுங்கினாத்தான் பத்தும். பஞ்சு மேல வெச்சு அடிச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. எல்லாத் தோட்டாவும் இந்த ஒரே தத்துவத்துலதான் வெடிக்குது. அந்த மருந்து எங்க இருக்கு, அதுக்குக் கீழ 'தரை' எதுங்கிறதுலதான் ரிம்ஃபையருக்கும் சென்டர்ஃபையருக்கும் வித்தியாசம்.

.22 தோட்டாவைத் திருப்பிப் பாத்தா அடிப்பாகம் மொழுக்குன்னு இருக்கும். நடுவுல கேப் எதுவும் கிடையாது. பித்தளைக் குப்பியோட அடி விளிம்பு சப்பாத்தி ஓரத்தை மடிச்ச மாதிரி உள்ளே கூடா இருக்கும். பத்த வைக்கிற மருந்தை ஈரமா உள்ளே போட்டுக் குப்பியை வேகமாச் சுத்துவாங்க, மருந்து அந்த மடிப்புக்குள்ள ஓடி வளையமா ஒட்டிக்கும். ஃபயரிங் பின் விளிம்புல அடிக்கும்போது, பின்னுக்கும் குழலோட வாய் ஓரத்துக்கும் நடுவுல அந்த மடிப்பு நசுங்கும். இங்க குழலோட ஓரம்தான் தரை.

சென்டர்ஃபையர்ல அடியில நட்டநடுவுல தனியா ஒரு சின்னக் கிண்ணம் பதிச்சிருக்கும். அதுதான் கேப். மருந்தும், அது நசுங்கத் தேவையான பட்டடையும் அங்கேயே இருக்கு. பின் நடுவுல குத்தினா கிண்ணம் உள்வாங்கி மருந்து நசுங்கி, தீப்பொறி ஓட்டை வழியா வெடிமருந்துக்குப் போகும்.

இங்க ஒரு குழப்பம் வரும். விளிம்பு இருந்தாலே ரிம்ஃபையர்னு பலர் நினைக்கிறாங்க. பேங்க் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் வெச்சிருக்காரே 12 போர், அந்தத் தோட்டாவுக்குப் பெரிய விளிம்பு உண்டு. பழைய .303-க்கும் உண்டு. ரெண்டுமே சென்டர்ஃபையர்தான். விளிம்பு இருக்கான்னு பாக்காதீங்க, நடுவுல வட்டமா கேப் இருக்கான்னு பாருங்க.

சரி, விளிம்புல அடிச்சா என்ன நஷ்டம்? பின் அடிச்சா நசுங்கணும்னா அந்தப் பித்தளை மெலிசா இருக்கணும். மெலிசா இருந்தா அதிக அழுத்தம் தாங்காது. அதனால .22 லாங் ரைஃபிள் தோட்டாவுல அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 24,000 பவுண்டோட நிக்குது. ராணுவ ரைஃபிள் தோட்டாக்கள்ல இது ரெண்டு மடங்குக்கும் மேல. விளைவு என்னன்னா, .22 குண்டு 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் சுமாரு, ஆற்றல் 140 ஜூல். 7.62 எஸ்எல்ஆர் குண்டுக்கு 3,300 ஜூல். கிட்டத்தட்ட 23 மடங்கு.

இந்த பலவீனத்தாலதான் அது பழகுறதுக்கும் சின்ன உருப்படிக்கும் பொருத்தமா இருக்கு. வேட்டைக்கு அனுமதி இருக்கிற இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல முயலுக்கு .22தான். பெரிய குண்டு அடிச்சா முயல்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது, சத்தத்துல மத்ததெல்லாம் ஓடிடும். அழகர்மலை அடிவாரத்துல முயலும் கௌதாரியும் இருக்கேன்னு யாரும் கனவு காண வேணாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்க வேட்டை குற்றம். காட்டுப்பன்னிக்கு .22-ங்கிறதும் பாவம், சாகாம காயத்தோட நாள்கணக்கா அலையும். ஆக நம்ம ஊர்ல .22-க்கு மிச்சம் இருக்கிற வேலை பயிற்சிதான்.

பயிற்சியில ஒரு பெரிய வியாதி இருக்கு. வெடிக்கப் போகுதுங்கிற பயத்துல, விசையை இழுக்கிற அதே நொடியில கண்ணை மூடி தோளை முன்னாடி தள்றது. துப்பாக்கி உதைக்கும்போது எல்லாமே ஆடுறதால இது பக்கத்துல நிக்கிறவருக்குக்கூடத் தெரியாது. பெரிய துப்பாக்கியில ஆரம்பிச்சவனுக்கு இது முதல் நாளே ஒட்டிக்கும். .22-ல உதை இல்லாததால ஒட்டுறது குறைவு.

இன்னொண்ணு சொல்றேன். ரிம்ஃபையருக்கு மக்கர் பண்ற பழக்கம் உண்டு. மருந்து வளையம் எல்லா இடத்துலயும் ஒரே அளவு பரவியிருக்காது, பின் அடிச்ச இடத்துல மருந்து இல்லைன்னா வெடிக்காது. ஒரு பையன் 25 கஜத்துல அஞ்சு ரவுண்டு சுடுறான்னு வெச்சுக்குங்க. மூணாவது 'டிக்'னு மட்டும் கேக்குது. வெடிக்கலை, உதையும் இல்லை. ஆனா குழல் முனை பொசுக்குன்னு கீழ குனியுது! மாட்டிக்கிட்டான். அவன் ரவுண்டெல்லாம் ஏன் கீழயே போகுதுன்னு உஸ்தாதுக்கு அந்த ஒரு நொடியில புரிஞ்சிடும். மக்கர் பண்ற தோட்டாவே வாத்தியார் ஆயிடுச்சு :-)

அதுக்கப்புறம் செய்யவேண்டியதுதான் முக்கியம். போல்ட்டை உடனே திறக்கக் கூடாது. சில சமயம் மருந்து தாமதமாப் பத்தும். முனையை இலக்கைப் பாத்தபடியே வெச்சு 30 வரைக்கும் எண்ணி, அப்புறம் திறக்கணும். வெளிய வந்த தோட்டாவோட விளிம்பைப் பாருங்க. ஆழமான தழும்பு இருந்தும் வெடிக்கலைன்னா தப்பு தோட்டாவுல. லேசான கீறல்னா தப்பு துப்பாக்கியில: பின் தேஞ்சிருக்கும், ஸ்பிரிங் தளந்திருக்கும், இல்ல அழுக்கால போல்ட் முழுசா மூடியிருக்காது. 'புஸ்'னு மட்டும் சத்தம் வந்தா குண்டு குழலுக்குள்ளயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டு போடவே கூடாது, காலி பண்ணிட்டு குழலைப் பாக்கணும்.

காலித் துப்பாக்கியில 'டிக் டிக்'னு விசையை இழுத்து விளையாடுறதும் .22-ல வேணாம். நடுவுல நசுங்க விளிம்பு இல்லைன்னா பல துப்பாக்கிகள்ல பின் நேராக் குழல் ஓரத்துல போய் அடிக்கும். அந்த ஓரம் பள்ளமாச்சுன்னா அப்புறம் மக்கர்தான்.

சின்னதுன்னு அலட்சியமும் வேணாம். 2021 டிசம்பர் கடைசியில புதுக்கோட்டை நார்த்தாமலை பக்கம் பயிற்சித் தளத்துலேர்ந்து பறந்த ஒரு குண்டு, தூரத்துல வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பாஞ்சு, 2022 ஜனவரியில அவன் இறந்தே போனான். அது பெரிய துப்பாக்கிக் கதை. ஆனா .22 குண்டும் தூக்கிப் பிடிச்சா ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே போகும். நம்ம சமவெளியில எந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் போனாலும் ஒரு ஊர் இருக்கு. பின்னாடி மண்மேடு இல்லாத இடத்துல எந்தத் துப்பாக்கியும் சரியில்லை.

அதனால என் கட்சி இதுதான்: பசங்க கையில முதல்ல .22 இருக்கட்டும். பழகிட்டு இன்சாஸுக்குப் போகட்டும். 2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கின 50 மீட்டர் ரைஃபிள் போட்டியும் இந்தப் 'பொட்டு வெடி'யிலதான் நடந்தது. இதை அந்த நண்பர்கிட்ட யாராவது சொல்லுங்கப்பா.

டிஸ்கி: .22-க்கும் லைசென்ஸ் கட்டாயம் வேணும். "சின்னதுதானே சார்"னு ஸ்டேஷன்ல சொல்லிப் பாக்காதீங்க.