பால் பெரிதா, தண்ணீர் பெரிதா?

லட்டுக்கு எதிர் பாகற்காயாம். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு இந்த வாரம் வந்த ஒர்க்‌ஷீட் சொல்கிறது. தலைப்பு ‘விடுகதை சொல்லி எதிர்ச்சொல் கண்டுபிடி’. இடப்பக்கம் சிரிக்கும் லட்டு. “நான் இனிப்பேன், எனக்கு எதிர் யார்?” என்று கேட்கிறது. வலப்பக்கம் ஒரு காலிக் கட்டம், ஓரத்தில் பாகற்காய் மாதிரி ஏதோ ஒன்று. முதலையாகவும் இருக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொம்மைப் படங்களோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழையது; அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

பேத்தி ‘காரம்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடை ‘கசப்பு’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. நம் வீட்டில் பலகாரம் என்றாலே ஸ்வீட், காரம் என்று இரண்டு தட்டுதானே! கடைக்காரரும் அப்படித்தான் கேட்கிறார். அறுசுவையில் ஒன்றுக்கு மற்ற ஐந்தில் எது எதிர் என்று யார் தீர்ப்புச் சொல்வது? இனிப்புக்கு நேர் எதிராக ஒன்றே ஒன்று இருக்கிறதென்று நாக்கு சொல்வதில்லை, வினாத்தாள்தான் சொல்கிறது.

அடுத்தது யானை. “நான் பெரியவன். எனக்கு எதிர் யார்?” பக்கத்தில் எலியின் படம். அவள் எழுதியது ‘எலி’. அதற்கும் பெருக்கல் குறி, விடை ‘சிறியவன்’. யார் என்று கேட்டு எலியையும் வரைந்து வைத்தால் ஆறு வயதுப் பிள்ளை வேறென்ன எழுதும்? யானைக்கும் எலிக்கும் அளவு மட்டுமா வித்தியாசம்? தும்பிக்கை, நிறம், வால், சத்தம், வளை, காடு என்று பத்து இருக்கிறது. அந்தப் பத்தில் நாம் மனதில் வைத்திருப்பது எதுவென்று படம் சொல்ல வேண்டும். இந்தப் படம் சொல்லவில்லை.

என்னைச் சுட்டது மதிப்பெண் இல்லை. “கேள்வியே தப்பா இருக்கேடி, மிஸ்கிட்ட கேட்டியா?” என்றேன். “கேள்வி எப்படித் தாத்தா தப்பா இருக்கும்?” என்றாள்.

இந்த இடத்தில் மார்கரெட் டொனால்ட்சனை இழுக்காமல் என்னால் இருக்க முடியாது. மறுபடியுமா என்று முனகுபவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். எடின்பரோவில் பணியாற்றிய உளவியலாளர். 1978-இல் ‘சில்ட்ரன்ஸ் மைண்ட்ஸ்’ என்று கையடக்கமாக ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டும் பல இடங்களில், பிள்ளை யோசித்தது கேள்வியைப் பற்றியல்ல, கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பற்றி என்பதே அதன் சாரம். அதில் எனக்குப் பிடித்தது குறும்புக் கரடி. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, இரண்டும் சமமா என்று கேட்பார்கள். பிள்ளை ஆமாம் என்னும். பிறகு பெரியவர் ஒரு வரிசையை இழுத்து நீட்டிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று பல பிள்ளைகள் மாற்றிச் சொல்லிவிடும். பியாஜே காலத்துப் பழைய சோதனை இது. ஜேம்ஸ் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் 1974-இல் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்மைக் கரடி ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிடும். அடடா, கரடி கெடுத்துவிட்டதே, இப்போது சமமா என்று கேட்டபோது, இன்னும் சமம்தான் என்று சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடிவிட்டார்கள். பெரியவர் கை வைத்துவிட்டு மறுபடி கேட்டால் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. கரடி செய்தது வெறும் சேட்டை.

புத்தகம் வந்து இரண்டு ஆண்டு கழித்து மார்ட்டின் ஹ்யூஸும் ராபர்ட் கிரீவும் ஒருபடி மேலே போனார்கள். ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அர்த்தமே இல்லாத கேள்விகளைக் கேட்டார்கள். பால் தண்ணீரைவிடப் பெரிதா? சிவப்பு மஞ்சளைவிடக் கனமா? ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். பால்தான் பெரிது, அது கனமாயிற்றே என்பது போலக் காரணமும் சொன்னார்கள். இது என்ன கேள்வி என்று அநேகமாக யாரும் திருப்பிக் கேட்கவில்லை. லட்டுக்கு எதிர் எது என்றால் என் பேத்தி பேனாவை எடுத்துவிடுவது இதனால்தான். ஒர்க்‌ஷீட் தயாரிப்பவருக்கு இது எவ்வளவு ஆபத்து பாருங்கள்! வகுப்பில் ஒரு குழந்தையும் புகார் சொல்லாததால் தாள் நன்றாக இருக்கிறதென்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் எனக்குச் சிநேகிதி. அவர் இப்படிப்பட்ட தாள்களைக் கையால் வரைந்தவர். முதல் விதி, இரண்டு படத்திலும் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், அதில் ஒன்றே ஒன்றுதான் மாற வேண்டும் என்பார். ஒரே துண்டு, கொடியில் சொட்டச் சொட்ட ஒன்று, வெயிலில் விறைப்பாக ஒன்று. பிறகு இரண்டு சோதனை. விடுகதையை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஒரு பிள்ளையிடம் காட்டுவது. படத்தை மறைத்துவிட்டு விடுகதையை மட்டும் இன்னொரு பிள்ளையிடம் படிப்பது. இரண்டு பேரும் ஒரே விடைக்கு வந்தால்தான் தாள் தேறும். துண்டுக்கு முதலில் எழுதிய விடுகதை இது: “கொடியில் தொங்கி அழுதுகொண்டிருந்தேன், வெயில் வந்து கண்ணைத் துடைத்தது, இப்போது எப்படி இருக்கிறேன்?” படம் பார்த்த பிள்ளை ‘காஞ்சுபோச்சு’ என்றது. விடுகதை கேட்ட பிள்ளை ‘சந்தோஷமா இருக்கேன்’ என்றது. கவிதை அழகாகத்தான் இருந்தது, அடித்துவிட்டேன் என்றார். ‘அழுதேன்’ போய் ‘பிழிந்தால் தண்ணீர் வரும்’ வந்ததும் இரண்டு விடையும் ஒன்றாயின.

கனம், லேசு இரண்டுக்கும் எல்லாரும் சீசா வரைகிறார்கள். கனமான பக்கம் தாழ்ந்திருக்கும். பிள்ளை பார்ப்பது மேல், கீழ். இந்தச் சோடியை வரையவே கூடாது, கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது சிநேகிதியின் கட்சி. நானும் அதே கட்சி.

தாளின் பின்பக்கம் ஊகிக்கும் விளையாட்டு ஒன்றும் இருந்தது. ஆசிரியர் கேட்க வேண்டுமாம், பிள்ளை பதில் சொல்ல வேண்டுமாம். பதில் சொன்ன பிறகு ‘நிச்சயமா?’ என்று மறுபடி கேட்க வேண்டுமாம்! கரடிக் கதை படித்தவர்கள் அந்த வேலையைச் செய்யமாட்டார்கள். திருப்பிப் போடுங்கள். பைக்குள் ஒரு பொருளைப் போட்டுப் பையைப் பெரியவர் வைத்துக்கொள்ள, பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கேட்கட்டும்: “கெட்டியா, மெத்தா?” “சொரசொரப்பா, வழுவழுப்பா?” “பெரிசா, சின்னதா?” என்று கேட்டால் மட்டும் “எதைவிட?” என்று பெரியவர் கேட்க வேண்டும். குட்டி யானையும் கொழுத்த எலியைவிடப் பெரிதுதானே. “எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசா?” என்று பிள்ளை திருத்திக் கேட்கும். வெற்று டப்பா திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த வேறுபாட்டுக்கு மொழியியலில் பெரிய பெயர்கள் உண்டு. ஒன்றாம் வகுப்புக்கு எலுமிச்சம்பழம் போதும்.

ஒர்க்‌ஷீட் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்குப் போகுமுன் படத்தை ஒரு பிள்ளையிடமும் விடுகதையை இன்னொரு பிள்ளையிடமும் காட்டிவிடுங்கள். இனிப்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ‘காரம்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.