லீவு எத்தனை நாள்னு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க

புதுசா சேர்ற ஆபீசர்களுக்கு லீவு விதிகளை ஒரே பக்கத்துல கேள்வி-பதிலா சுருக்கிக் குடுக்கணும்னு எங்க வங்கியில ஒரு முடிவு. வரைவைப் பாத்துத் திருத்தச் சொல்லி என் கையில குடுத்தாங்க. "கேஷுவல் லீவு எத்தனை நாள்? வருஷத்துக்கு 12. பிரிவிலேஜ் லீவு? 11 நாள் வேலை பாத்தா ஒரு நாள்." இப்படியே பத்துக் கேள்வி. தப்பான பதில் ஒண்ணு கூட இல்லை. ஆனா அதை நம்பி லீவு எடுத்தா மாட்டிக்குவாங்க. எனக்கு அதுதான் கோபம்.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. தமிழ்நாட்டுல வங்கிகளுக்கு வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் விடுமுறை. இங்க பெங்களூருல சங்கராந்திக்கு அந்த ஒரு நாள்தான். தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு அக்டோபர் 6 அன்னைக்கு சேர்ந்ததுன்னு வெச்சுக்கோங்க. வெள்ளி, சனி ரெண்டு நாள் கேஷுவல் எடுத்து ஊருக்குப் போகுது. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு உடம்பு முடியலை. திங்கள், செவ்வாயும் கேஷுவல். புதனும் கிளம்ப முடியலை.

அது என்ன கணக்குப் போடும்? "கேஷுவல் 12-ல 4 போச்சு, இன்னும் 8 இருக்கு. வேலைக்கு வந்து நூறு நாளாச்சு, பிரிவிலேஜும் ஒம்போது சேர்ந்திருக்கும். அப்புறம் என்ன?" சீட்டுப்படி இது சரியான கணக்கு.

விதிப்படி பாருங்க. கேஷுவல் ஒரே தடவையில தொடர்ச்சியா நாலு நாளுக்கு மேல கிடையாது. அதை வேற லீவோட ஒட்டவும் முடியாது. பிரிவிலேஜ் கணக்குல ஏறும்தான், ஆனா சேர்ந்து 11 மாசம் முடியாம கை வெக்க முடியாது. நோயாளி அம்மாதானே, அதனால சிக் லீவும் செல்லாது. மிச்சம் சம்பளமில்லா லீவு. அதையும் கேஷுவலோட ஒட்ட முடியாதுன்னு மேலிடம் கறாரா நின்னா, வெள்ளியில இருந்து புதன் வரைக்கும் ஆறு நாளும் அதுல போயிடும். நடுவுல வந்த ஞாயிறும் சேர்த்து! கேஷுவல்ல ஞாயிறைக் கணக்குல எடுக்க மாட்டாங்க, இதுல எடுப்பாங்க. தகுதிகாண் காலமும் நீளலாம். புதன் ஒரு நாள் வந்து தலையைக் காட்டிட்டு வியாழக்கிழமை மறுபடி கேஷுவல் கேட்டிருந்தா இத்தனையும் இல்லை. ராத்திரி பஸ்ஸுல பெங்களூரு வந்து திரும்பிப் போறது கொடுமைதான், ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சிருந்தா அதைச் செய்யறதா வேண்டாமான்னு அந்தப் பொண்ணே முடிவு பண்ணியிருக்கும்.

"சின்னப் பசங்க சார், ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாங்க"ன்னார் பயிற்சிப் பிரிவு நண்பர். ஒரு பக்கமே இருக்கட்டும் சார், எந்தக் கேள்வியைப் போடறீங்கங்கறதுதான் விஷயம். லீவு குடுக்கறவன் உக்காந்து எழுதினா "எத்தனை நாள்"னுதான் எழுதுவான். எடுக்கறவனுக்கு வேண்டியது வேற: "ஊர்ல மாட்டிக்கிட்டேன், அஞ்சாவது நாள் என்ன ஆகும்?" மெட்டர்னிட்டி, எல்.எஃப்.சி. எல்லாம் சுற்றறிக்கையிலயே கிடைக்கும், முதல் மாசத்துல யாரும் கேக்கப் போறதில்லை. அதைத் தூக்கிட்டு இதைப் போடுங்கன்னேன்.

இன்னொரு கேள்வியும் சேர்க்கச் சொன்னேன்: "என் விலாசம் எது?" சிரிச்சாங்க. கிளார்க்குகளுக்கான இருதரப்பு ஒப்பந்தத்துல 1980கள்ல ஒரு ஷரத்து வந்துச்சு. லீவே கேக்காம தொடர்ந்து 90 நாளோ அதுக்கு மேலயோ வராம இருந்தா, கடைசியாத் தெரிஞ்ச விலாசத்துக்கு வங்கி நோட்டீஸ் அனுப்பும். 30 நாளுக்குள்ள வரலைன்னா தானாவே வேலையை விட்டதாக் கணக்கு. சிண்டிகேட் வங்கி ஊழியர் ஒருத்தர் வழக்கு இதை வெச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. பதிவுத்தபால் 'வாங்க மறுத்தார்'னு திரும்பி வந்ததையே நோட்டீஸ் குடுத்ததா எடுத்துக்கிட்டு, 2000-ல தீர்ப்பு வங்கி பக்கம் போச்சு. (அந்த வங்கியே 2020-ல கனரா வங்கியோட சேர்ந்துடுச்சு.)

நம்ம பசங்க பதிவேட்டுல குடுக்கற விலாசம் எது? சேர்ந்தப்போ தங்கின மடிவாளா பி.ஜி. மூணு மாசத்துல அங்கிருந்து மாறிடுவாங்க. தபால் அங்கேயேதான் போகும். உடம்பு படுத்து ஊர்ல கிடக்கறவனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது.

விலாசக் கேள்வியை வேண்டாம்னுட்டாங்க, "பயமுறுத்தற மாதிரி இருக்கு"ன்னு. அஞ்சாவது நாள் கேள்வி மட்டும் நின்னுச்சு, கடைசியில, சின்ன எழுத்துல. உங்க வீட்டுப் பிள்ளை இங்க எந்த வங்கியிலயாவது புதுசா சேர்ந்திருந்தா, பதிவேட்டுல எந்த விலாசம் இருக்குன்னு இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க.