பணப்பையில் பணம் இல்லை

வேல்ஸின் நியூபோர்ட் நகரத்தில் 2013-இல் தவறுதலாகக் குப்பைக்குப் போன ஒரு வன்தட்டைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள், அதனுள் ஏறத்தாழ 8,000 பிட்காயின்கள் புதைந்திருப்பதாகவே எழுதுகின்றனர். உண்மையில் அதனுள் ஒரு பிட்காயினும் இல்லை. அவை எந்த முகவரிகளுக்குரியவை என்பது, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகள் படியெடுத்து வைத்திருக்கும் பொதுப்பேரேட்டில் பதிந்திருக்கிறது. தட்டோடு போனது தனிச்சாவி எனப்படும் எண் மட்டுமே. ‘வாலட்’ என்னும் சொல்தான் இக்குழப்பத்தை வளர்க்கிறது.

அந்தச் சாவி 256 பிட் நீளமுள்ள, குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்த எண். பதின்ம முறையில் எழுதினால் 78 இலக்கம் வரை நீளும். பணம் அனுப்புகையில், யாருக்கு எவ்வளவு என்னும் விவரம் முதலில் ஒரு சுருக்க எண்ணாக மாற்றப்படுகிறது. அதனோடு தனிச்சாவியையும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்க மற்றொரு மறை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் இரண்டு எண்களே கையொப்பம். காசோலைக் கையொப்பம் எல்லாத் தாளிலும் ஒன்றே. இதுவோ தொகையில் ஓர் இலக்கம் மாறினாலும் செல்லாது. சரிபார்ப்பவருக்குத் தனிச்சாவி தேவையில்லை, பொதுச்சாவி போதும். (அந்த மறை எண்ணை இருமுறை பயன்படுத்தினால், இரு கையொப்பங்களிலிருந்தே தனிச்சாவியைக் கணக்கிட்டுவிடலாம். 2013-இல் ஆண்ட்ராய்டு வாலட்டுகள் சிலவற்றில் இவ்வாறே திருட்டு நிகழ்ந்தது.)

பொதுச்சாவி தனிச்சாவியிலிருந்தே பிறக்கிறது. வளைகோடொன்றின் மீதுள்ள குறித்த புள்ளியை அந்த எண்ணின் அளவுக்குத் தன்னோடு தானே கூட்டினால் அது கிடைக்கும். இரட்டித்து இரட்டித்துச் செல்வதால், முன்னோக்கிய இக்கணக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகளில் முடிந்துவிடும். பின்னோக்கி வர அத்தகைய குறுக்குவழி எதுவும் அறியப்படவில்லை. இன்றைய கணினிகளுக்குத் தெரிந்த சிறந்த முறையும் ஏறத்தாழ 2^128 படிகள் கேட்கிறது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி படிகள் வீதம் நடந்தாலும், முடிக்க ஒரு லட்சம் கோடி கோடி ஆண்டுகள் வேண்டும்.

வங்கியில் கடவுச்சொல் மறந்தவர் அடையாள அட்டையோடு கிளைக்குப் போகலாம்; கணக்கேடு வங்கியின் கையில் இருப்பதால் வங்கி அவரை நம்பினால் போதும். பிட்காயின் பேரேடோ ஆளை அறியாது, கையொப்பத்தை மட்டுமே அறியும். நீதிமன்றமே உரிமையை ஒப்புக்கொண்டாலும், அத்தீர்ப்பால் ஒரு கையொப்பத்தை உண்டாக்க முடியாது. இடைத்தரகர் எவரும் வேண்டாம் எனப் பெருமை பேசுவோர், மனுக்கொடுக்கவும் எவரும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வதே நேர்மை.

மீட்சி அறவே இல்லை என்பதும் மிகை. பல வாலட்டுகள் சாவிகளின் மூலத்தைப் 12 சொற்களாக எழுதித் தருகின்றன. அவற்றுள் இடம் தெரிந்த ஒரு சொல் மட்டும் அழிந்திருந்தால், முயல வேண்டியவை 2,048 சொற்களே. சரிபார்ப்புப் பிட்டுகள் அவற்றையும் ஏறத்தாழ 128 ஆகக் குறைத்துவிடும். இணையத் தொடர்பற்ற சொந்தக் கணினியிலேயே அதை முடித்துவிடலாம். பன்னிரண்டும் போனபின் மீட்டுத்தருவதாக விளம்பரம் செய்வோரிடம் முயலுவதற்கு எதுவுமே இல்லை. முன்பணம் வாங்குவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.