நெல்லிக்கனி எங்கிருந்து வந்தது

அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதைக்கு வேரான பாட்டு புறநானூற்றில் 91ஆவதாக இருக்கிறது. கனியை வாங்கிக்கொண்ட ஔவையாரே பாடியது அது. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரிப் பக்கத்தை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அவர் சொன்ன நன்றி. கொடுத்தவனின் பெருமையைச் சொல்லவே இந்தக் கதையை எடுக்கிறோம். வாங்கியவர் அந்த உதவியை எப்படிச் சொன்னார் என்பதும் பார்க்கத் தகுந்தது.

அரசனைப் புகழும் வழக்கமான அடைமொழிகள் பாட்டின் முன்பாதியில் உண்டு. பகைவரை வென்ற வாள், வீரவளை அணிந்த கை, பொன்மாலை எல்லாம் வருகின்றன. இவற்றை வேறு எந்த அரசனுக்கும் பாடியிருக்கலாம். பின்பாதியில் வருவது அதியமானுக்கு மட்டுமே பொருந்தும். பழைய பெரிய மலை, அதன் பிளவு, ஏற முடியாத உச்சி, அங்கே நின்ற சிறிய இலைகளையுடைய நெல்லிமரம், அதன் இனிய கனி என்று கனி வந்த வழியை அடையாளம் சொல்லிக் காட்டுகிறார். அது பெறுவதற்கு அரியது என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. அதனால் விளையும் பயனையும் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டான். தமக்குச் சாவு நீங்க வேண்டும் என்றே அவன் கொடுத்தான் என்று ஔவையார் முடிக்கிறார்.

இதில் மூன்று சேதிகள் இருக்கின்றன. கொடுத்தவன் என்ன செய்தான், அதற்கு அவன் எதை இழந்தான், பெற்றவருக்கு அதனால் என்ன ஆயிற்று. நடுவில் உள்ளதுதான் கூர்மையானது. தான் இழக்கும் அந்தப் பயனைச் சொல்லியிருந்தால் ஔவையார் கனியை வாங்கியிருக்கமாட்டார். அதனால்தான் அவன் சொல்லவில்லை. அவன் வாய்மூடி இருந்ததையே ஒரு செயலாக அவர் கண்டுகொண்டார். வாழ்த்தும் அந்தப் பரிசுக்கு ஏற்றதாகவே அமைகிறது. சாகாமைக்கு வழி தந்தவனை, நஞ்சுண்டும் சாகாத நீலகண்டனைப்போல் நிலைத்திரு என்கிறார்.

இன்று எழுதப்படும் நன்றிக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தப் பாட்டின் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. ‘தங்கள் மேலான உதவிக்கு நெஞ்சார்ந்த நன்றி’ என்ற வரியின் மேலே இருக்கும் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதிப் பார்க்கலாம். கடிதம் அப்போதும் பொருந்தினால், அது யாருக்கும் எழுதப்படவில்லை என்று பொருள். படிப்பவருக்கும் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ‘நெஞ்சார்ந்த’ என்பதோடு ‘என்றென்றும் மறவாத’ என்று சேர்த்தாலும் நிலைமை மாறுவதில்லை. அழுத்தம் கூடுகிறதே தவிர, சேதி கூடவில்லை.

சேதி என்றாலும் எல்லாச் சேதியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அமெரிக்காவின் வடகரோலினா பல்கலைக்கழக உளவியலாளர் சாரா ஆல்கோவும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. தம்பதிகளையும் காதலர்களையும் ஒருவர் செய்த உதவிக்கு மற்றவர் நன்றி சொல்லச் செய்து, அதை வீடியோவில் பதிவுசெய்தார்கள். ‘உன்னால் எனக்கு வேலை மிச்சம்’ என்பதுபோலத் தனக்குக் கிடைத்த பயனைச் சொல்லும் பேச்சை ஒரு வகையாகவும், ‘இதைச் செய்ய உனக்கு எவ்வளவு அக்கறை’ என்பதுபோலச் செய்தவரைச் சொல்லும் பேச்சை இன்னொரு வகையாகவும் பிரித்தார்கள். கேட்டவருக்கு ஏற்பட்ட நெருக்க உணர்வோடு ஒத்துப்போனது இரண்டாம் வகைப் பேச்சுதான். தன் பயனை மட்டும் அடுக்கும் நன்றி எவ்வளவு விவரமாக இருந்தாலும் பேச்சு தன்னைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது.

ஒரு கடிதத்தை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். எழுபது தாண்டிய ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்ததாக வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியபின் மகள் வார்டு நர்ஸுக்கு எழுதுகிறார். முதலில் எழுதியது இப்படி: ‘அப்பாவை அன்போடு கவனித்துக்கொண்டதற்கு மிக்க நன்றி, சிஸ்டர். உங்களால்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.’

பொய்யில்லை. ஆனால் சிஸ்டர் என்ன செய்தார் என்பது இதில் இல்லை. இரண்டாவது வாக்கியம் குடும்பத்தின் நிம்மதியைப் பற்றியது. மகள் அந்த நாட்களை மறுபடி நினைத்துப் பார்த்துவிட்டு இப்படி மாற்றுகிறார்:

‘மாத்திரை வேண்டாம் என்று அப்பா முரண்டு பிடித்தபோது ஆபரேஷன் மயக்கம் தெளியவில்லை என்றே நாங்கள் நினைத்தோம். அவருக்கு இடது காது கேட்கவில்லை என்பதை நீங்கள்தான் கவனித்தீர்கள், சிஸ்டர். அன்று ராத்திரி வார்டு முழுக்க ஆள். அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் வந்து, குனிந்து, இது எதற்கான மாத்திரை என்று சொல்லிவிட்டே கொடுத்தீர்கள். அதன்பிறகு அவர் மறுக்கவேயில்லை. இப்போது வீட்டிலும் நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறோம்.’

‘மிக்க’, ‘அன்போடு’ இரண்டும் போய்விட்டன. யாரும் அவற்றைத் தேடமாட்டார்கள். அந்த நர்ஸின் கவனிக்கும் திறமை, வேலை நெருக்கடியிலும் அவர் எடுத்துக்கொண்ட சிரமம், அதனால் நேர்ந்த மாற்றம் மூன்றும் இருக்கின்றன. கடைசி வரி தனியாக ஒரு வேலை செய்கிறது. நோயாளி வீட்டுக்குப் போனபின் என்ன ஆனார் என்பது வார்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவருவதில்லை. செய்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றை நன்றியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய காரியம்.

இப்படி நடையாக எழுத வராது என்றே பலர் எழுதாமல் விடுகிறார்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தை அளந்தது. நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், பெறுபவர் என்ன நினைப்பார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களையே கேட்டார்கள். பெற்றவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாகவும், அவர் மகிழ்வார் என்பதைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். எழுதியவர்களின் கவலை சொற்கள் சரியாக அமைந்தனவா என்பதில் இருந்தது. பெற்றவர்கள் பார்த்தது அதில் இருந்த பரிவை.

விவரம் கெடுக்கும் இடங்களும் உண்டு. நினைவில் இல்லாததை அழகுக்காகச் சேர்த்தால் செய்தவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு தவறான விவரம் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கடிதத்தின் கடைசியில் புதிதாக ஓர் உதவி கேட்டால், மேலே எழுதியதெல்லாம் அதற்கான முன்னுரையாகிவிடும். பணம் கொடுத்து உதவியவருக்குத் தொகையை எழுதவே வேண்டாம். அந்தப் பணம் எந்த வாரத்தில் வந்தது, எதைக் காப்பாற்றியது என்று எழுதினால் போதும்.

அதைவிடக் கவனம் வேண்டியது நாலுபேர் அறிய நன்றி சொல்லும்போது. அந்த மகள் நர்ஸிங் கண்காணிப்பாளருக்கும் ஒரு கடிதம் அனுப்ப விரும்பினால், வார்டு, தேதி, நைட் ஷிஃப்ட் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் யாரைச் சொல்கிறார் என்று அங்கே தெரியாது. காது விஷயத்தைத் தயங்காமல் எழுதலாம். ஆனால் பார்வையாளர் நேரம் முடிந்தபிறகும் ஊரிலிருந்து வந்த தம்பியை ஐந்து நிமிடம் உள்ளே விட்டதும் அதே சிஸ்டராக இருந்தால், அந்த வரி அவருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இருக்க வேண்டும்.