வரிசையை விடுங்கள், விளையாட விடுங்கள்



ட்ருகனினாவில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க நம்மில் சிலர் முன்வந்திருக்கிறோம். போன வருடம் நானும் நின்றேன். நான் படித்தபடியே பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தினேன். ஒருவர் வந்து எனக்குப் பாஸ் கொடுத்து, திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்துவிட்டு வரிசையின் பின்னால் போகவேண்டும்.

ஒருவருக்குப் பதினைந்து விநாடி என்றால், மறுபடி முறை வர மூன்று நிமிடம். இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறேழு முறைதான் பந்து. மற்ற நேரமெல்லாம் காற்றில் நடுங்கிக்கொண்டு முன்னால் நிற்பவனின் சட்டையை இழுப்பதுதான் வேலை. பந்து சரியாக வராத பிள்ளை தவறினால் பதினொரு பேரும் பார்க்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. வரிசையில் எதிராளி இல்லை. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மினிரூஸ் முறையில் எட்டு வயதினர் ஏழுக்கு ஏழு பேராக ஆடுகிறார்கள். அங்கே அந்த யோசனைதான் ஆட்டமே.

அதனால் மாற்றிப் பார்த்தேன். நாலு நாலு பேராக மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்து. நான்கு கூம்புகளை வைத்து, பக்கத்துக்குப் பத்துப் பெரிய எட்டு இருக்கும்படி ஒரு சதுரம். மூன்று பேர் பந்தைத் தங்களுக்குள் கொடுத்து வாங்குவார்கள். நடுவில் இருப்பவர் பறிப்பார். தொடர்ந்து ஐந்து பாஸ் போனால் ஒரு புள்ளி. பறிகொடுத்தவர் நடுவுக்கு வருவார்.

முதல் நாள் மூன்றாவது பாஸே போகவில்லை. கத்துவதற்குப் பதில் கூம்புகளை இரண்டு எட்டுத் தள்ளி வைத்தேன். இடம் கிடைத்தது, பாஸும் கூடியது. இருபது பாஸ் சுலபமாகப் போனால் சதுரத்தைச் சுருக்குங்கள். பந்தை வாங்குகிறவர் நின்ற இடத்திலேயே நின்றால், "நடுவில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்காதே, பந்து உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நகரு" என்று மட்டும் சொல்லுங்கள்.

எப்படித் தெரியும், கற்றுக்கொண்டார்கள் என்று? பந்து காலுக்கு வருமுன்னே தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்ப்பார்கள். முதல் தொடுதலிலேயே பந்தை எதிராளியிடமிருந்து விலக்கி வைப்பார்கள்.

"வரிசையில் நிற்பதும் ஒழுக்கம்தானே?" என்று ஒரு தாத்தா கேட்டார். ஒழுக்கம்தான். ஆனால் அதைக் கற்க வேறு இடங்கள் உண்டு. கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பந்தைக் கற்கட்டுமே. உட்பாதத்தால் எப்படித் தட்டுவது என்று காட்ட இரண்டு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தலாம், தவறில்லை. காட்டியவுடன் மறுபடி ஆட விடுங்கள்.

வருகிற சனிக்கிழமை ஓரத்தில் நிற்கும்போது உங்கள் பிள்ளை பத்து நிமிடத்தில் எத்தனை முறை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒரு கை விரலுக்குள் அடங்கினால், பயிற்சியாளரிடம் அன்பாக நாலு கூம்பு கேளுங்கள்.